முதல் செமஸ்டருக்கு முன்னால் மூன்று வாரம் இருக்கிறது, எதைப் படிப்பது?

"அக்கா, பாலக்கோடு பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்தேன். கவுன்சிலிங்கில் இன்ஜினியரிங் சீட் கிடைத்துவிட்டது. காலேஜ் திறக்க மூன்று வாரம் இருக்கிறது. முதல் செமஸ்டருக்கு இப்போதே என்ன படித்து வைக்கலாம்? எல்லாம் இங்கிலீஷில்தான் நடத்துவார்களாம், பயமாக இருக்கிறது."

தம்பி தங்கைகளுக்கு,

செட்டிக்கரையில் சேரப் போகிறவர்கள், பர்கூரில் சேரப் போகிறவர்கள், ஓசூர் பக்கம் தனியார் கல்லூரியில் சேரப் போகிறவர்கள் என்று நாலைந்து பேர் இதையே கேட்டுவிட்டார்கள். அதனால் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நானும் அரூர் பக்கத்துத் தமிழ் மீடியம்தான். இப்போது கடைசி வருடம்.

மூன்று வாரத்தில் இரண்டு வாரத்தைக் கணக்குக்குக் கொடுங்கள், ஒரு வாரத்தைப் பைத்தானுக்கு. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி புத்தகத்தை இப்போது தொடவே வேண்டாம். அந்த இரண்டும் வகுப்பில் கவனித்து, நோட்ஸ் வைத்துப் பரீட்சைக்கு முன் உட்கார்ந்தால் ஓரளவு தேறிவிடும். கணக்கு அப்படி இல்லை. பிளஸ் ஒன், பிளஸ் டூவில் படித்தது கையில் இருக்கிறது என்று நம்பித்தான் முதல் நாளே ஆரம்பிப்பார்கள். அது கையில் இல்லாதவருக்கு இரண்டாவது வாரமே வகுப்பு புரியாமல் போய்விடும். முதல் செமஸ்டரில் அரியர் விழுவது பெரும்பாலும் இந்தத் தாளில்தான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன். கீழே வரும் தாள் பெயர், மார்க் கணக்கு எல்லாம் அதன்படி. உங்கள் பேட்சுக்கு எந்த ரெகுலேஷன் என்று சேரும் அன்றே விசாரித்து, அதற்கான சிலபஸை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் சிலபஸைக் கல்லூரியே போட்டிருக்கும். சீனியரிடம் பழைய நோட்டு வாங்கும்போதும் இதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் தாளின் பெயர் எப்படி மாறினாலும் அணி, வகையிடல், தொகையிடல் இந்த மூன்றும் முதல் வருடத்தை விட்டு எங்கேயும் போகாது.

எங்கள் ரெகுலேஷனில் முதல் செமஸ்டர் கணக்குத் தாளின் பெயர் `Matrices and Calculus`, கோடு `MA3151`. மற்ற தியரி தாள்களுக்கு மூன்று கிரெடிட், தமிழர் மரபுக்கு ஒன்று, இதற்கு மட்டும் நான்கு. மொத்தம் ஐந்து யூனிட். முதல் யூனிட் அணிகள், இரண்டாவது வகை நுண்கணிதம், மூன்றாவது பல மாறிகள் கொண்ட சார்புகள், நான்காவது தொகை நுண்கணிதம், ஐந்தாவது இரட்டை, மும்மடித் தொகையீடுகள். பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இதில் பாதிக்கு மேல் உங்கள் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது.

பிளஸ் டூ கணக்கின் முதல் பாடம் அணிகள். நேர்மாறு, தரம், காஸ் நீக்கல் முறை எல்லாம் அதில்தான் வந்தன. ஏழாவது பாடம் வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள். பெருமம், சிறுமம் அதில் இருக்கிறது. எட்டாவது பாடத்தில் பகுதி வகைக்கெழுவும், சமபடித்தான சார்புக்கான ஆய்லர் தேற்றமும் வருகின்றன. இந்த எட்டாவது பாடம்தான் கல்லூரியின் மூன்றாவது யூனிட்டுக்கு வாசல். ஒன்பதாவது பாடம் தொகையிடலின் பயன்பாடுகள். பிளஸ் ஒன் இரண்டாம் தொகுதியில் பத்தாவது பாடம் வகையிடல், பதினொன்றாவது பாடம் தொகையிடல். இரண்டு வாரத்துக்கு இவ்வளவு போதும். புதிதாகப் புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம்.

எங்கிருந்து தொடங்குவது? பிளஸ் ஒன் பத்தாவது, பதினொன்றாவது பாடங்களிலிருந்து. நிறைய பேர் பிளஸ் ஒன் பாடத்தை அப்போதே மேலோட்டமாக முடித்துவிட்டு பிளஸ் டூவுக்குத் தாவியிருப்பீர்கள். அந்த ஓட்டைதான் கல்லூரியில் தெரியும். உங்களுக்கு ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இரண்டு கணக்கு போட்டுப் பாருங்கள். x² sin 3x என்பதை வகையிடுங்கள். விடை 2x sin 3x + 3x² cos 3x. இரண்டாவது உறுப்பில் அந்த 3 விட்டுப்போனால் சங்கிலி விதி இன்னும் கைக்கு வரவில்லை என்று அர்த்தம். அடுத்து ∫ x cos x dx. விடை x sin x + cos x + C. இதில் கூட்டலா கழித்தலா என்று தடுமாறினால் பகுதித் தொகையிடலில் இன்னும் பத்து கணக்கு போட வேண்டும். இந்த இரண்டையும் யோசிக்காமல், ஒன்றுக்கு இரண்டு நிமிடத்துக்குள் போட்டுவிடுகிறீர்கள் என்றால் நேராக அணிக்குப் போய்விடுங்கள். வகுப்பில் வாத்தியார் பெரிய கணக்கின் நடுவில் இந்த மாதிரி வரியை விளக்கவே மாட்டார், எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். நீங்கள் அந்த வரியிலேயே நின்றுகொண்டிருந்தால் மிச்சக் கணக்கு கைவிட்டுப் போகும்.

இங்கிலீஷ் பயத்துக்கு வருகிறேன். இதற்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. நம் மாநிலப் பாடநூல் இங்கிலீஷ் மீடியத்திலும் இருக்கிறது, இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டுக்கும் பாட எண், பயிற்சி எண், கணக்கு எண் எல்லாம் ஒன்றே. உங்கள் தமிழ்ப் புத்தகத்தை மேஜையில் விரித்துக்கொண்டு, அதே பயிற்சியை இங்கிலீஷ் பதிப்பில் போனில் திறந்து வையுங்கள். கணக்கை இங்கிலீஷில் படித்து, புரியாவிட்டால் மட்டும் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து, விடையை இங்கிலீஷில் எழுதுங்கள். அணிக்கோவை என்பது டிடர்மினன்ட், வகைக்கெழு என்பது டெரிவேட்டிவ், தரம் என்பது ரேங்க் என்று நாலு நாளில் தானாகப் பழகிவிடும். கணக்குத் தாளுக்குத் தேவையான சொற்கள் ஒரு பக்கத்துக்குள் அடங்கும்.

அவற்றில் ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நேராக மார்க்கைத் தொடும். கேள்வியில் `Verify Cayley-Hamilton theorem and hence find the inverse` என்று வரும். அந்த `hence` என்ற சொல், இப்போது சரிபார்த்த அந்தச் சமன்பாட்டிலிருந்தே நேர்மாறைக் கண்டுபிடி என்கிறது. பள்ளியில் படித்த சேர்ப்பு அணி முறையில் போட்டால் விடை சரியாகத்தான் வரும், ஆனால் அந்தப் பகுதிக்கு மார்க் போகும். கணக்கு தெரிந்த பிள்ளைகளே இப்படி மார்க் விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, அணிக்கு வருவோம். முதல் யூனிட்டின் முதல் கணக்கு ஐகன் மதிப்பும் ஐகன் வெக்டாரும் கண்டுபிடிப்பது. பள்ளிப் பாடத்தில் இது கிடையாது, ஆனால் அதற்குத் தேவையான எல்லாமே பள்ளியில் படித்தவைதான். இந்த ஒரு கணக்கைக் கல்லூரிக்குப் போவதற்கு முன்பே போடத் தெரிந்திருந்தால் முதல் இரண்டு வாரம் நிம்மதியாக மூச்சு விடலாம். அதனால் ஒன்றை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன்.

```
      1  1  3
A  =  1  5  1
      3  1  1
```

முதலில் சிறப்புச் சமன்பாடு. 3×3 அணிக்கு அது எப்போதும் λ³ − S₁λ² + S₂λ − S₃ = 0 என்ற வடிவில் இருக்கும். S₁ என்பது மூலைவிட்ட எண்களின் கூடுதல்: 1 + 5 + 1 = 7. S₂ என்பது மூலைவிட்டத்தில் இருக்கும் மூன்று 2×2 சிற்றணிக்கோவைகளின் கூடுதல். முதல் வரிசையையும் நிரலையும் மறைத்தால் 5 − 1 = 4. இரண்டாவதை மறைத்தால் 1 − 9 = −8. மூன்றாவதை மறைத்தால் 5 − 1 = 4. கூட்டினால் S₂ = 0. S₃ என்பது அணிக்கோவையின் மதிப்பு: 1(5 − 1) − 1(1 − 3) + 3(1 − 15) = 4 + 2 − 42 = −36.

இப்போது சமன்பாடு λ³ − 7λ² + 36 = 0. S₃ குறை எண், வாய்ப்பாட்டில் இன்னொரு குறை இருக்கிறது, இரண்டும் சேர்ந்து +36 ஆகிறது. பத்தில் நாலு பேர் இங்கேதான் −36 என்று எழுதிவிடுவார்கள்.

மூலம் கண்டுபிடிக்க 36இன் வகுத்திகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். λ = −2 போட்டால் −8 − 28 + 36 = 0. ஒரு மூலம் கிடைத்துவிட்டது. அடுத்து தொகுமுறை வகுத்தல். கெழுக்களை 1, −7, 0, 36 என்று எழுத வேண்டும். λ உறுப்பு இல்லை என்பதற்காக அந்த 0வை விட்டுவிட்டு 1, −7, 36 என்று மூன்று எண் எழுதினால் கணக்கு அங்கேயே கெட்டது. சரியாக வகுத்தால் λ² − 9λ + 18 = 0 வரும், அதாவது λ = 3, 6. ஐகன் மதிப்புகள் −2, 3, 6.

அடுத்த வரிக்குப் போவதற்கு முன் அரை நிமிடம் நின்று சரிபாருங்கள். ஐகன் மதிப்புகளின் கூடுதல் S₁க்கு சமமாக இருக்க வேண்டும்: −2 + 3 + 6 = 7. பெருக்கல் S₃க்கு சமமாக வேண்டும்: (−2)(3)(6) = −36. இரண்டும் சரி.

இப்போது வெக்டார். λ = 3 எடுத்துக்கொள்வோம். மூலைவிட்டத்திலிருந்து 3ஐக் கழித்தால் வரிசைகள் (−2, 1, 3), (1, 2, 1), (3, 1, −2). முதல் இரண்டு வரிசையைக் குறுக்குப் பெருக்கல் செய்தால் (1 − 6, 3 + 2, −4 − 1), அதாவது (−5, 5, −5). சுருக்கி (1, −1, 1) என்று எழுதலாம். இதை நாம் தொடாத மூன்றாவது வரிசையில் போடுங்கள்: 3 − 1 − 2 = 0. பூச்சியம் வந்தால் வெக்டாரும் சரி, ஐகன் மதிப்பும் சரி. வராவிட்டால் குறுக்குப் பெருக்கலை ஒருமுறை பாருங்கள். அதில் தப்பு இல்லை என்றால் λ மதிப்பே தப்பு, மேலே போய்த் திருத்த வேண்டும். இதே முறையில் λ = 6க்கு (1, 2, 1), λ = −2க்கு (−1, 0, 1) கிடைக்கும். இந்த இரண்டையும் நீங்களே போட்டுப் பாருங்கள்.

இந்த அணி சமச்சீரானது, மூலைவிட்டத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே எண்கள். இந்த வகை அணிக்கு இன்னும் இரண்டு சோதனை உண்டு. ஒன்று, வெவ்வேறு ஐகன் மதிப்புக்கான வெக்டார்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும். (1, −1, 1), (1, 2, 1) இரண்டின் புள்ளிப் பெருக்கல் 1 − 2 + 1 = 0. மற்ற ஜோடிகளும் அப்படியே வரும். இரண்டாவது, சமச்சீர் மெய் அணியின் ஐகன் மதிப்புகள் எப்போதும் மெய்யெண்கள்தான். மேலே சொன்ன குறித் தப்பைச் செய்து λ³ − 7λ² − 36 = 0 என்று கால்குலேட்டரில் போட்டால் 7.62 என்று ஒரு மூலமும், i சேர்ந்த இரண்டு மூலங்களும் காட்டும். சமச்சீர் அணிக்கு i வந்த உடனே பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சமன்பாட்டைத் திரும்பப் பார்க்க வேண்டும். நிறைய பேர் அந்த 7.62ஐ வைத்துக்கொண்டு அடுத்த ஒரு பக்கம் எழுதுவார்கள். தேர்வில் கொடுக்கும் அணிகளுக்குப் பொதுவாக முழு எண்தான் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கால்குலேட்டர் பேச்சு வந்ததால் சொல்கிறேன். புரோகிராம் செய்ய முடியாத சயின்டிஃபிக் கால்குலேட்டர் ஒன்று வேண்டும், முப்படிச் சமன்பாட்டை அதுவே தீர்க்கும் மாடல் நல்லது. எந்த மாடல் ஹாலுக்குள் விடுவார்கள் என்று சீனியரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆனால் அது விடையைச் சரிபார்க்க மட்டும்தான். வழி எழுதாமல் மூலங்களை மட்டும் எழுதினால் மார்க் வராது.

இதே அணியைத்தான் பின்னால் இருபடி வடிவத்துக்கும், செங்குத்து உருமாற்றத்துக்கும் பயன்படுத்துவார்கள். கேள்வி பெரிதாகத் தெரியும், ஆனால் முக்கால்வாசி வேலை மேலே போட்டதுதான். அதனால் ஐகன் கணக்கு ஒன்று கைவந்தால் முதல் யூனிட்டின் பெரிய பகுதி கைவந்த மாதிரி.

மற்ற யூனிட்டுகளில் ஒன்றை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன். ஐந்தாவது யூனிட்டில் இரட்டைத் தொகையீட்டின் வரிசையை மாற்றச் சொல்வார்கள். அங்கே தொகையிடல் கஷ்டமே இல்லை, பரப்பைப் படமாகப் போடத் தெரியாததுதான் கஷ்டம். y² = 4x எந்தப் பக்கம் திறக்கும், x² = 4y எந்தப் பக்கம் திறக்கும், இரண்டும் எங்கே வெட்டிக்கொள்ளும் என்று படம் போட முடிந்தால் எல்லைகள் கண்ணுக்குத் தெரியும். (அவை (0, 0), (4, 4) என்ற புள்ளிகளில் வெட்டும், நடுவில் அடைபடும் பரப்பு 16/3.) இதற்குப் பிளஸ் டூ ஐந்தாவது பாடத்தில் பரவளையத்தை ஒரு மாலை புரட்டினால் போதும்.

இப்போது மார்க் கணக்கு. இதைத் தெரிந்துகொண்டால்தான் எங்கே உழைக்க வேண்டும் என்று புரியும். தியரி தாளுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வுத்தாள் 100 மார்க்குக்கு நடக்கும், அதை 60க்கு மாற்றுவார்கள். பாஸ் ஆக இரண்டு நிபந்தனை. செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதம் வேண்டும், இரண்டும் சேர்த்து 50 வேண்டும். தாளில் 45 எடுத்தால் அது 60க்கு 27. மிச்சம் 23 இன்டர்னலில் இருந்து வர வேண்டும். ஒருவருக்கு இன்டர்னல் 18தான் என்றால் தேர்விலிருந்து 32 வேண்டும், அதாவது தாளில் 54. இன்டர்னலில் கோட்டைவிட்ட ஐந்து மார்க்குக்கு, பரீட்சை ஹாலில் ஒன்பது மார்க் கூடுதலாக எடுக்க வேண்டியிருக்கிறது. இன்டர்னலில் 35 வாங்கினாலும் தாளில் 45 கட்டாயம் வேண்டும், அதில் சலுகை கிடையாது.

இன்டர்னல் இரண்டு முறை போடுவார்கள். ஒவ்வொன்றும் 100 மார்க்குக்கு, அதில் எழுத்துத் தேர்வுக்கு 60, அசைன்மென்ட், செமினார் போன்றவற்றுக்கு 40. அந்த நாற்பது உங்கள் கையில் இருக்கிறது. அசைன்மென்ட்டைப் பக்கத்து பெஞ்சில் வாங்கிக் காப்பி அடிக்காமல் நீங்களே போட்டால் எழுத்துத் தேர்வுக்கும் படித்த மாதிரி ஆகிவிடும்.

கணக்கு செமஸ்டர் தாளில் பத்து இரண்டு மார்க் கேள்விகள், ஐந்து பதினாறு மார்க். பதினாறு மார்க்குக்கு இது அல்லது அது என்று தேர்வு உண்டு. மேலே போட்ட ஐகன் கணக்கு மாதிரி ஒன்றை முழுசாகப் போட்டால் ஒரு பெரிய கேள்வியின் கணிசமான பங்கு வந்துவிடும். இரண்டு மார்க் கேள்விகளைக் கேவலமாக நினைக்காதீர்கள். "ஓர் அணியின் இரண்டு ஐகன் மதிப்புகள் 3, 6, மூலைவிட்டக் கூடுதல் 7, மூன்றாவது என்ன?" என்பது மாதிரிதான் கேட்பார்கள். கூடுதல் விதி தெரிந்தால் −2 என்று ஒரே வரி.

அடுத்து பைத்தான், தாள் கோடு `GE3151`. எங்கள் ரெகுலேஷனில் எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் இது உண்டு, சிவில், மெக்கானிக்கல் எடுத்தவர்களுக்கும். பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்காதவர்கள் இதைக் கண்டு மிரள்வதைப் பார்க்கிறேன். லேப்டாப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போனில் `Pydroid 3` போட்டுக்கொண்டால் இந்த ஒரு வாரத்துக்கு அது தாங்கும். வீடியோ பார்த்துக்கொண்டே இருப்பதில் பிரயோஜனம் இல்லை. கையால் அடித்து, தப்பு வரவைத்து, அந்தத் தப்பைப் படிக்க வேண்டும்.

முதல் தப்பு எல்லாருக்கும் இதுதான்:

```python
a = input()
b = input()
print(a + b)
```

12, 30 என்று கொடுத்தால் 42 வராது, 1230 வரும். `input()` எதை வாங்கினாலும் அதை எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும், எண்ணாக இல்லை. எழுத்தையும் எழுத்தையும் கூட்டினால் ஒட்டிவிடும். `a = int(input())` என்று எழுதினால் சரியாகும். தசம எண் வேண்டுமென்றால் `float`.

அடுத்து ஒரு சின்ன லூப். மூன்று பேருடைய மார்க்கில் எது பெரியது என்று பார்க்கும் புரோகிராம்:

```python
m = [42, 67, 38]
big = 0
for x in m:
    if x > big:
        big = x
print(big)
```

இதை ஓட்டுவதற்கு முன்னால் நோட்டில் x, big என்று இரண்டு பத்தி போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் என்ன மதிப்பு வருகிறது என்று எழுதுங்கள். x 42 ஆகும்போது big 42. x 67 ஆகும்போது big 67. x 38 ஆகும்போது big மாறாது. விடை 67. இந்தப் பழக்கம் ஏன் வேண்டும் என்றால், செமஸ்டர் தியரி தேர்வில் பைத்தானைப் பேப்பரில்தான் எழுதப் போகிறீர்கள். அங்கே ரன் பட்டன் கிடையாது.

பிறகு கடைசி வரியை நாலு ஸ்பேஸ் உள்ளே தள்ளி `for`க்குள் வரும்படி ஓட்டிப் பாருங்கள். 42, 67, 67 என்று மூன்று வரி வரும். பைத்தானில் எந்த வரி எதற்குள் இருக்கிறது என்பதை அந்த இடைவெளிதான் முடிவு செய்கிறது என்பது அப்போது மனதில் நிற்கும். பேப்பரில் எழுதும்போதும் இந்த இடைவெளி தெளிவாகத் தெரிய வேண்டும். இன்னொன்றும் செய்யுங்கள்: பட்டியலில் மூன்றும் குறை எண்ணாகப் போடுங்கள், −5, −2, −9 என்று. விடை 0 வரும். பட்டியலிலேயே இல்லாத எண்! தொடக்கத்தில் `big = 0` என்று வைத்ததுதான் காரணம், `big = m[0]` என்று வைத்தால் சரி. லேப் வைவாவில் இந்த மாதிரிதான் கிண்டிக் கேட்பார்கள். ஒரு வாரத்தில் `if`, `for`, `while`, பட்டியல், ஃபங்ஷன் வரை இப்படிப் போட்டுப் பார்த்தால் முதல் செமஸ்டர் லேபுக்கு நல்ல அடித்தளம்.

மற்ற தாள்களைப் பற்றிச் சுருக்கமாக. கெமிஸ்ட்ரியில் முதல் யூனிட்டே தண்ணீர். கடினத்தன்மை, மொத்தக் கரைதிடப்பொருள், ஃப்ளோரைடு, ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ் எல்லாம் வரும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டுமா? போர் தண்ணீரில் ஃப்ளோரைடு இருப்பதால்தானே தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. நம் சமையலறைப் பாத்திரத்தில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்திருந்தால் கடினநீர் பகுதி தானாக ஏறும். பிசிக்ஸுக்கு வகுப்பு நோட்ஸ். இங்கிலீஷ் தாளுக்கு மேலே சொன்ன கணக்குப் புத்தகப் பழக்கத்தோடு தினம் ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். லேபுக்கு ஒரே விதிதான்: அப்சர்வேஷன் நோட்டில் அன்றைக்கே ரீடிங் எழுதி அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள், அடுத்த வாரம் போனால் அந்தக் கையெழுத்துக்காக நாள் கணக்கில் அலைய வேண்டும்.

சேர்ந்த பிறகு முதல் இரண்டு வாரம் இன்டக்ஷன் நடக்கும். விளையாட்டு, யோகா, யாராவது வந்து பேசுவது என்று போகும், பாடம் பெரிதாக நடத்த மாட்டார்கள். அதில் கலந்துகொள்ளுங்கள், நண்பர்கள் அங்கேதான் கிடைப்பார்கள். ஆனால் இரவில் ஒரு மணி நேரம் பிளஸ் டூ எட்டாவது பாடத்தையும் ஒன்பதாவது பாடத்தையும் முடித்துவிடுங்கள். ஆகஸ்ட்டு, செப்டம்பரில் கல்லூரி தொடங்கினால் வகுப்பு சூடுபிடிப்பதற்குள் பூஜை விடுமுறை, தீபாவளி என்று வந்துவிடும், அதன் பிறகு நேரம் போவதே தெரியாது. வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும் என்பதால் திருவிழா, கல்யாணம் என்று இஷ்டத்துக்கு லீவு போடவும் முடியாது.

வகுப்பு தொடங்கிய பிறகு பின்தங்குகிறோமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அன்று போர்டில் போட்ட கணக்கில் ஒன்றை, இரவு நோட்டை மூடி வைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். எந்த வரியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். வகையிடும் வரியில் நின்றால் பிளஸ் ஒன் பாடத்துக்குப் போக வேண்டும். அடுத்து எந்த முறை என்றே தெரியாமல் நின்றால் அன்றைய வகுப்பு புரியவில்லை, மறுநாள் வாத்தியாரிடமே போய்க் கேட்க வேண்டும். இந்த இரண்டும் வேறு வேறு வியாதி, மருந்தும் வேறு. அரூர், பென்னாகரம் பக்கமிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிறவர்களுக்கு இரவில் நேரம் குறைவு. பஸ்ஸில் கணக்கு போட முடியாது, உட்கார இடம் கிடைப்பதே பெரிது. அங்கே இரண்டு மார்க் கேள்விகளையும் வாய்ப்பாட்டையும் பார்த்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு கணக்கு மட்டும் போடுங்கள். ஹாஸ்டலில் இருப்பவர்கள் இரண்டு பேராகச் சேர்ந்து போட்டு, கடைசியில் கூடுதல், பெருக்கல் சோதனையை ஒருவர் தாளை ஒருவர் பார்த்துச் செய்யலாம்.

முதல் இன்டர்னல் முடிந்து விடைத்தாள் கையில் வரும்போது மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். எந்த வரியில் சிவப்பு மை விழுந்திருக்கிறது என்று பார்த்து, குறித் தப்பா, முறைத் தப்பா, கேள்வியைப் படித்த தப்பா என்று ஓரத்தில் எழுதி வையுங்கள். கூட்டலில் விட்டுப்போன மார்க் இருந்தால் அன்றைக்கே காட்டிக் கேட்டுவிடுங்கள், பதிவேற்றிய பிறகு திருத்துவது சிரமம்.

இதில் எந்தக் கணக்காவது வரவில்லை என்றால், நீங்கள் போட்ட வழியை முழுசாகப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். "வரவில்லை அக்கா" என்று மட்டும் அனுப்பினால் எந்த வரியில் நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது.

அன்புடன்,
உங்கள் சீனியர் அக்கா